முப்பது வயதுக்குக் கீழே ‘நீ’

ஸ்ரீபெரும்புதூர் பஜாரில் கோதண்டத்தின் செருப்புக் கடைக்கு இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, கழுத்தில் அடையாள அட்டையோடு சேஃப்டி ஷூ கேட்கும் பையன்களும் பெண்களும் ஒரு பக்கம். காலம் காலமாக அங்கேயே வாங்கிப் பழகிய உள்ளூர்ப் பெரியவர்கள் மறுபக்கம். எல்லாருடைய பெயரும் போன் நம்பரும் பிறந்த தேதியும் கடைக் கம்ப்யூட்டரில் இருந்தன. அந்த நம்பர்களுக்கு வாட்ஸப்பில் செய்தி அனுப்புவது ஜாஸ்மினின் வேலை.

“‘தங்கள் மேலான வருகையை அன்புடன் எதிர்நோக்குகிறோம்’னு அனுப்பினா எவன் படிப்பான் ஜாஸ்மின்? கல்யாணப் பத்திரிகை மாதிரி கீது,” என்றார் கோதண்டம். “பசங்களுக்குப் பசங்க மாதிரி எழுது. பெரியவங்களுக்கு வேற எழுது.”

அவள் முப்பது வயதில் ஒரு கோடு போட்டாள். அதற்கு மேலே ‘நீங்கள்’, கீழே ‘நீ’. பெரியவர்களுக்கான செய்தியில் வேலை அதிகம். ‘உன்’னை ‘உங்கள்’ ஆக்கினால் மட்டும் போதாது, வாக்கியம் முடிகிற இடம் வரைக்கும் மரியாதை போய்ச் சேர வேண்டும். முதல் முறை எழுதும்போது ‘உங்கள் சைஸில் வந்திருக்கிறது, வந்து பார்’ என்று முடித்துவிட்டு, படித்துப் பார்த்துத் திடுக்கிட்டுத் திருத்தினாள். இளையவர்களுக்கான செய்தி தானாக வந்தது:

‘உன் ஷூ இந்நேரம் தேய்ஞ்சிருக்கும்னு தெரியும். உனக்காக ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். எப்ப வர்ற?’

தலைப்பில் அவரவர் பெயரை கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும். அடியில் கடைப் பெயரும் தெருப் பெயரும் இருக்கும்.

பையன்கள் வந்தார்கள். போனைக் காட்டி, “எனக்காக எடுத்து வெச்சது எங்கக்கா?” என்று சிரித்தார்கள். கோதண்டத்துக்குச் சந்தோஷம்.

அந்த வாரமே அவளுடைய அப்பா யாக்கோபு சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே சொன்னார். “உங்க கடைலருந்து ஒரு மெசேஜ் வந்துச்சும்மா. கேட்ல லாரி கிளீனர் பையன்கூட என்னை நீ வா போன்னுதான் கூப்பிடறான். செக்யூரிட்டி வேலைன்னா அப்டித்தான்னு வுட்டுட்டேன். கடைலருந்தும் அப்டியே வருது.”

குரலில் கோபம் இல்லை. அவருடைய நம்பருக்கு அவள்தான் கடையில் வாடிக்கையாளர் கார்டு போட்டாள். அவசரத்தில் தன் பிறந்த தேதியைக் கொடுத்திருந்தாள். மறுநாள் போய் அந்த ஒரு தேதியை மட்டும் மாற்றினாள். அதோடு சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

செங்கமலம் கடைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். ஐம்பது வயதைத் தாண்டியவள். கையில் ஒரு துணிப்பை, ஓரம் உடைந்த ஒரு போன். வாசலிலேயே நின்று கடைக்குள் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

“உள்ள வாங்கம்மா. என்ன பாக்கறீங்க?” என்றாள் ஜாஸ்மின்.

“வாங்க வரலம்மா. வள்ளியூர்ப் பக்கத்துலருந்து வாரேன். எம் மவன் துரையோட சேக்காளி ஒருத்தன் இந்தக் கடையில இருக்கான். அவனப் பாக்கணும்.”

“யாரும்மா? பேர் என்ன?”

“பேரு தெரியலயே. அவந்தான் இத எழுதியிருக்கான்.” போனை நீட்டினாள்.

‘இசக்கிதுரை, உன் ஷூ இந்நேரம் தேய்ஞ்சிருக்கும்னு தெரியும். உனக்காக ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். எப்ப வர்ற?’

ஜாஸ்மின் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

“ஒரகடம் ரோட்டுல வண்டியில அடிபட்டுப் போயிட்டான்மா, ஆடி மாசம். இது அதுக்கப்புறம் வந்துச்சு. விஷயம் தெரியாம எழுதியிருக்கான் போலன்னு நெனச்சேன். கம்பெனில கையெழுத்துப் போட இன்னைக்கு வரச் சொன்னாங்க, காலையிலயே போட்டுட்டேன். அப்படியே இவனையும் பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்.” அவள் குரல் தாழ்ந்தது. “இங்க அவன் தனியாக் கெடந்தானோன்னு எனக்கு மனசு ஆறல. ரூமுல இருந்த பயலுவ எல்லாம் புதுசு, மொகமே தெரியலங்கானுவ. இதப் படிச்ச பொறவுதான், சரி, நீன்னு கூப்பிட ஒருத்தன் இருந்திருக்கான்னு கொஞ்சம் தூங்குனேன்.”

ஷூ பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த கோதண்டம் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

ஆமாம் அம்மா, அவன் இன்றைக்கு லீவு என்று சொல்லிவிடலாம். நல்ல பையன், துரையைப் பற்றி நிறையச் சொல்வான் என்றும் சொல்லலாம். ஜாஸ்மினின் நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் இந்த அம்மா காத்திருப்பாள். இன்னொரு நாள் வள்ளியூரிலிருந்து பஸ் ஏறுவாள்.

“அம்மா, உக்காருங்க,” என்றாள். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தானும் உட்கார்ந்தாள். “இதை நான்தான் எழுதினேன்.”

“நீயா?” செங்கமலத்தின் முகம் மலர்ந்தது. “நீ அவங்கூடப் பழகுன பிள்ளையா?”

“இல்லம்மா. இது எல்லாருக்கும் போனது. முப்பது வயசுக்குக் கீழ இருக்கிற எல்லாருக்கும் இதேதான். பேர் மட்டும் மாறும்.”

செங்கமலம் புரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆயிற்று.

“எல்லாருக்கும் நீன்னா எழுதுன?”

“ஆமாம்மா.”

“அவன் இங்க வந்தப்போ நீ இருந்தியா? எப்படி இருந்தான்?”

“இருந்திருப்பேன்மா. ஆனா எனக்கு ஞாபகம் இல்ல. மன்னிச்சிடுங்க.”

செங்கமலம் அழவில்லை. போனை வாங்கித் திரையைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். “பதிலு கூடப் போட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் அடிச்சுக் குடுத்துச்சு,” என்றாள்.

ஜாஸ்மின் கம்ப்யூட்டரில் தேடினாள். வந்து குவிந்த பதில்களுக்கு நடுவே, யாரும் திறக்காமல் அது கிடந்தது.

‘தம்பி நீ யாரு. துரை இப்ப இல்ல. நீ அவன்கூட இருந்தவனா. அவனைப் பத்தி ஏதாவது சொல்லுப்பா.’

கோதண்டம் டீ வரவழைத்தார். செங்கமலம் பாதி குடித்தாள். ஜாஸ்மின் அவளை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூட்டிப்போய், ஊர் பஸ் பிடிக்கக் கிளாம்பாக்கம் போகும் பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

“அந்தப் பேரை எடுத்துடு,” என்றார் கோதண்டம்.

“எடுத்துட்டேண்ணா. ஆனா அது போதாது. எல்லாருக்கும் ‘நீங்கள்’தான் போடணும்.”

“பசங்க வராங்களேம்மா. நல்லாத்தானே போய்க்கினு கீது?”

“நம்மகிட்ட இருக்கிறது நம்பரும் தேதியும்தான். போன் யார் கையில இருக்குன்னு நமக்குத் தெரியாது. எங்கப்பா கையில இருந்தது, இந்த அம்மா கையில இருந்தது. ‘நீங்க’ன்னா ஒரு பையனுக்கு சிரிப்பு வரும், அவ்ளோதான். ‘நீ’ன்னா தெரிஞ்சவங்க சொல்லணும், இல்லன்னா மட்டம் தட்டறவன் சொல்லணும். நாம ரெண்டும் இல்ல.”

கோதண்டம் கையிலிருந்த ஷூ பெட்டியை அடுக்கில் வைத்தார். “மறுபடி பத்திரிகை மாதிரி ஆக்கிடாதே,” என்றார்.

‘தாங்கள்’ வேண்டாம் என்று அவளும் முடிவு செய்திருந்தாள். பேச்சு மாதிரி ‘வாங்க’ என்று போட்டுப் பார்த்தாள். ‘ஷூ வாங்க வாங்க’ என்று வந்தது, அழித்தாள். ‘எடுத்து வெச்சிருக்கேன்’ என்பதையும் எடுத்தாள். யாருக்கும் எதுவும் எடுத்து வைக்கவில்லை. கடைசியில் இரண்டே வரி நின்றது: ‘வணக்கம். புதிய சேஃப்டி ஷூக்கள் வந்துள்ளன. உங்கள் அளவு இருக்கிறதா என்று இந்த எண்ணில் கேளுங்கள்.’ பெயரைக்கூடப் போடவில்லை.

முன்பு வந்த அளவுக்குப் பையன்கள் வரவில்லை. “என்னக்கா, திடீர்னு மரியாதை?” என்று ஒருவன் எழுதியிருந்தான். வருகிற எல்லாப் பதிலையும் திறந்து படிப்பது என்று வைத்துக்கொண்டதால் அவளுக்கு வேலை கூடியது.

செங்கமலத்தை பஸ் ஏற்றிவிட்ட மறுநாள், அவள் ஊர் போய்ச் சேர்ந்தாளா என்று ஜாஸ்மினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துரையின் நம்பருக்குத் தன் சொந்த போனிலிருந்து எழுதினாள்: ‘அம்மா, நல்லபடியாப் போய்ச் சேந்தீங்களா? நான் ஸ்ரீபெரும்புதூர் ஜாஸ்மின்.’

மறுநாள் காலை, கடை ஷட்டரைத் தூக்கும்போது, குரல் செய்தி ஒன்று வந்தது. பின்னால் ஆடு கத்தும் சத்தம்.

“சேந்துட்டேன் தாயி. நீ சாப்பிட்டியா?”

ஜாஸ்மின் ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு, படியில் உட்கார்ந்து, அதை இன்னொரு முறை கேட்டாள்.