இலைக் கூட்டத்தில் தொலைந்த குழந்தை

முள்ளுக்குறிச்சி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ஹபீப் ஸ்டூடியோவில் ஒரு பழக்கம் உண்டு. காதுகுத்துப் படமோ, பெண் பார்க்க அனுப்பும் படமோ, எது வந்தாலும் கம்ப்யூட்டரில் திறந்த கையோடு, ஓரங்களைக் கூர்மையாக்கும் 'ஷார்ப்' கொடுத்துவிட வேண்டும். இப்போது கடையை நடத்தும் காமிலாவின் மாமனார் ஹபீப் ரஹ்மான் ஏற்படுத்திய வழக்கம் அது. அவர் காலத்தில் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் தங்கள் முகத்தைப் பார்க்கும் முன்பே, பின்னால் நிற்கும் மாட்டைத்தான் பார்ப்பார்களாம். மாடு மங்கலாக இருந்தால் படம் வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போய்விடுவார்களாம். மருமகள் காமிலாவின் கைக்குக் கடை வந்து எட்டு வருஷம் ஆகிறது. அவள் விரல் இன்றைக்கும் யோசிக்காமல் அந்தப் பொத்தானுக்குத்தான் போகும். அந்தப் பாழாய்ப்போன பழக்கம்தான் அன்றைக்கு அவளைப் பாடாய்ப் படுத்தியது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். மலை பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் இறங்கி நேரே கடைக்குள் வந்தார்கள். பெண்ணின் பெயர் ராதிகா, வயது முப்பதுக்குள். கூட வந்தவர் அவள் பக்கத்துத் தோட்டக்காரர் ராசப்பன். மலைமேல் பெரக்கரை நாட்டில் மிளகும் மரவள்ளியும் போட்டிருப்பவர். ராதிகா செல்போனை நீட்டினாள்.

"ஏனுங்கக்கா, இத பெயிண்டிங் மாதிரி பண்ணித் தருவீங்களா? நாளைக்குக் காலையில வேணுங்க."

"யாரு இது?"

"எங்க நர்ஸம்மாங்க. சுமித்ரான்னு பேரு. நாளையோட ரிட்டயர்டு ஆவறாங்க. ஊரே சேந்து குடுக்கறோம்."

படத்தில் நீலச் சேலையோடு மழையில் நனைந்த ஒரு பெண் நின்றாள். பின்னால் ஒரு பலாமரம், அதில் அடியிலிருந்து உச்சிவரை மிளகுக் கொடி. இலைச் சந்துகளிலெல்லாம் வெள்ளை வெளேரென்று வானம். அவள் மார்போடு ஏதோ ஒரு பொட்டலம். உற்றுப் பார்த்த பிறகுதான் அது கட்டம் போட்ட துண்டில் சுற்றிய குழந்தை என்று காமிலாவுக்குப் புரிந்தது.

"அது எம்புள்ளைங்க," என்றாள் ராதிகா. "அஞ்சு வருசம் ஆச்சு. பொறந்தப்ப மூச்சே இல்லீங்க. அந்தம்மாதான் ஊதி ஊதி உசுரக் கொண்டாந்தாங்க. மண்ணு சரிஞ்சு ஆம்புலன்ஸ் மேல ஏற முடியல. அவங்க தோள்ல கெடந்த துண்டுல சுத்தி, மழையில ரெண்டு மைல் கீழ ஆம்புலன்ஸ் வரைக்கும் நடந்தே தூக்கியாந்தாங்க. என்னைய பின்னால ஊர்க்காரங்க கட்டிலோட தூக்கியாந்தாங்க. ராசப்பண்ணன் அந்த வளைவுல எடுத்த படம். நர்ஸம்மா போட்டோன்னா ஓடிப்போற ஆளு. இது ஒண்ணுதாங்க இருக்குது."

ராசப்பன் தொண்டையைச் செருமினார். "எம்பட மொளகுக் கொடியும் நல்லாத் தெரியோணுங்க. ஒரு எலை உடாம."

அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு காமிலா வேலையில் உட்கார்ந்தாள். ராசிபுரத்தில் கேன்வாஸில் அச்சடித்துச் சட்டம் போடும் கடைக்காரர் போனில், சாயங்காலம் ஐந்து மணிக்குள் படம் வந்துவிட வேண்டும் என்றார். நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படத்தைத் திறந்தாள். விரல் தானாகப் போய் ஷார்ப்பைத் தட்டியது. அப்புறம் எண்ணெய் ஓவியமாக மாற்றும் கட்டளையைக் கொடுத்தாள்.

வந்ததைப் பார்த்து மூன்று பேருமே திரைக்குக் கிட்டே குனிந்தார்கள். படம் முழுக்க ஒரே சொறி. இலைகள் இலைகளாக இல்லை. பச்சையும் வெள்ளையும் கறுப்புமாக ஆயிரம் துணுக்குகள் தாறுமாறாகத் திரும்பிக் கிடந்தன. துண்டின் கட்டங்களும் அதே போல உடைந்து இலைகளோடு கலந்துவிட்டன. நர்ஸம்மாவின் முகம் மட்டும் ஒருவாறு தப்பித்திருந்தது. குழந்தை எங்கே என்று தேட வேண்டியிருந்தது, தேடியும் கிடைக்கவில்லை.

"புள்ளை எங்கீங்க?" என்று ராதிகா மெதுவாகக் கேட்டாள்.

அந்தக் கேள்வி காமிலாவுக்குச் சுருக்கென்றது. குழந்தைக்காகத்தானே இந்தப் படமே. குழந்தை இல்லாவிட்டால் இது மழையில் நனைந்த ஒரு அம்மாளின் படம், அவ்வளவுதான்.

கட்டளையின் அழுத்தத்தைக் கூட்டினாள், குறைத்தாள். தூரிகையைப் பெரிதாக்கினால் முகம் போயிற்று, சிறிதாக்கினால் சொறி கூடியது. ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. சரி, பின்புலத்தை மங்கலாக்கிப் பார்ப்போம் என்று நர்ஸம்மாவைத் தவிர மற்றதையெல்லாம் கலங்கலாக்கினாள். அதுவும் உதவவில்லை. சேலையின் நீலம் வெளியே கசிந்து அவளைச் சுற்றி ஒரு நீலப் புகையாக நின்றது. வானத்து வெள்ளைப் புள்ளிகள் ஊதிப் பெருத்து அப்பளம் அப்பளமாக மிதந்தன.

"என்ன கருமாந்திரம் இது," என்று காமிலா மௌஸைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். கோபம் தன் மேல்தான். வந்தவர்களிடம் முடியாது என்று சொல்லி அனுப்பிவிடலாமா என்றுகூட வாய்வரை வந்துவிட்டது. பேச்சை மாற்ற வேறு ஏதோ கேட்டாள். "அன்னைக்கு இந்த எடத்துல நின்னப்ப உங்களுக்கு என்ன தெரிஞ்சுது ராதிகா?"

ராதிகா கொஞ்சம் யோசித்தாள். "கட்டில்ல படுத்துட்டே பாத்தனுங்க. மரமும் தெரியல, கொடியும் தெரியல. அந்தம்மா கையி, துண்டோட செவப்புக் கரை, அதுக்குள்ள எம்புள்ளை மூஞ்சி. அவ்வளவுதாங்க பாத்தேன்."

காமிலா திரும்பித் திரையைப் பார்த்தாள். படத்தைப் பெருவிரல் அளவுக்குச் சுருக்கிவைத்துப் பார்த்தாள். அந்த அளவில் எது எது என்றே தெரியவில்லை, எங்கும் ஒரே பொடி. ராதிகாவின் கண் வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டது. கேமரா எதையும் விடாது. இந்த ஓவியக் கட்டளைக்கோ இலை எது பிள்ளை எது என்ற அறிவே கிடையாது. எங்கே வெளிச்சமும் இருட்டும் மோதுகிறதோ அங்கே ஒரு கோடு இழுக்கும். முகத்துக்கு என்ன மரியாதையோ அதே மரியாதைதான் ஒவ்வொரு இலைக்கும். இலையோ ஒரு தூரிகைக் கோட்டைவிடச் சின்னது, அதனால் கோடெல்லாம் சிதறிப் போகிறது. போதாக்குறைக்கு இவள் ஷார்ப் வேறு கொடுத்து, ஒவ்வொரு இலையின் ஓரத்தையும் இன்னும் கூர்மையாக்கி விட்டிருக்கிறாள். அடக் கூறுகெட்டவளே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"மாமா மன்னிக்கணும்," என்று சுவரில் மாட்டியிருந்த மாமனாரின் படத்தைப் பார்த்துச் சொன்னாள். அவர் நல்ல சுகமாக வீட்டில்தான் இருக்கிறார், கடை தொடங்கிய அன்று எடுத்த படம் அது. ஷார்ப் கொடுக்காத பழைய படத்தை மறுபடி திறந்தாள்.

முதலில் நர்ஸம்மாவையும் குழந்தையையும் முடியிழை முதற்கொண்டு தனியாக வெட்டி எடுத்தாள். அவர்கள் நின்ற ஓட்டையைச் சுற்றியிருந்த பச்சையால் அடைத்தாள். சேலை நீலமே அங்கே இல்லாதபோது எதுதான் கசியும்? வானத்து வெள்ளைப் பொத்தல்களை ஒவ்வொன்றாகப் பச்சை தொட்டு மூடினாள். அப்புறம் இலைகளையெல்லாம் கரைத்து, கரும்பச்சை ஒரு திட்டு, இளம்பச்சை ஒரு திட்டு, பலாமரத்து அடி ஒரு கரும்பழுப்புத் தூண் என்று நாலைந்து பெரிய வடிவங்களாக்கினாள். அவற்றுக்குள் இருந்த வெளிச்ச வேறுபாட்டையும் அடக்கினாள். நர்ஸம்மாவின் நரைத்த தலைக்குப் பின்னால் மட்டும் இருட்டைக் கொஞ்சம் கூட்டினாள்.

ராசப்பனுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, எங்கொடி போச்சுங்களே."

"இருந்தாப் புள்ளை போயிரும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

அவர் திரையைப் பார்த்தார், ராதிகாவைப் பார்த்தார். "கொடி எங்கீங்க போவுது, தோட்டத்துலதான் நிக்குது. அழிச்சிடுங்க," என்றார்.

மிஞ்சியது துண்டு. அந்தக் கட்டங்களை விட்டால் மறுபடி பொடியாகிவிடும். காமிலா சொன்னதும் ராதிகாவின் முகம் வாடியது. சேலைத் தலைப்பைத் திருகினாள். "கட்டம் போனாப் போவட்டுங்கக்கா. அந்தச் செவப்புக் கரை மட்டும் இருக்கோணும்."

காமிலா கட்டங்களைத் தேய்த்து ஒரே வெளிர் நிறமாக்கினாள், மடிப்பு நிழல்களை மட்டும் விட்டாள். விரல்கிடை அகலத்துக்குச் சிவப்புக் கரை தெளிவாக ஓடியது. அதற்கு மேலே, இத்தனை நேரம் இலைக்குள் ஒளிந்திருந்த குழந்தையின் முகம் பளிச்சென்று வந்து உட்கார்ந்தது. மறுபடி பெருவிரல் அளவுக்குச் சுருக்கினாள். ஒரு பெண், ஒரு பிள்ளை. யாருக்கும் புரியும். அதன் பிறகுதான் ஓவியக் கட்டளையைக் கொடுத்தாள், பின்னால் இருப்பதற்குப் பெரிய தூரிகை, முகங்களுக்கும் கைக்கும் சின்னது.

வந்த படத்தைப் பார்த்ததும் ராதிகா அழுதாள். காமிலாவுக்கும் கண் கலங்கியது, அதை மறைக்க அவள் சிரமப்படவும் இல்லை. நாலே முக்காலுக்குப் படம் ராசிபுரம் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலையில் சட்டம் போட்டு வந்த படத்தை வாங்கிக்கொண்டு காமிலாவும் மலை பஸ் ஏறினாள். ராதிகா விட்டால்தானே. "நீங்க வராட்டி அந்தப் படத்தை யாரும் தொட மாட்டோமுங்க" என்று போனிலேயே சத்தம் போட்டுவிட்டாள்.

துணை சுகாதார நிலையத்து வாசலில் பந்தல். சுமித்ராம்மாள் மாலையும் கழுத்துமாகக் கூச்சத்தோடு நின்றாள். படத்தின் மேலிருந்த காகிதத்தைப் பிரித்தார்கள். பின்வரிசையில் நின்றவர்களுக்குக்கூட அங்கிருந்தே தெரிந்தது, நர்ஸம்மா கையில் பிள்ளை. ராசப்பன் பக்கத்தில் நின்றவரிடம், "அந்தக் கரும்பச்சையா நிக்குது பாருங்க, எம்பட கொடி," என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நர்ஸம்மா தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. கிட்டே வந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தச் சிவப்புக் கரையின் மேல் விரலை வைத்தாள்.

"இது என் துண்டு," என்றாள். "அன்னைக்கு ஆம்புலன்ஸ்ல தொலைச்சுட்டேன்னு நெனைச்சு எத்தனை நாள் தேடினேன் தெரியுமா."

"தொலையலீங்கம்மா," என்றாள் ராதிகா. "எங்கூட்டுப் பெட்டியில இருக்குது. புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா அதத்தான் போத்தி உடுவேன். நீங்க கேட்டாலும் தர மாட்டனுங்க."

நர்ஸம்மா சிரிக்கப் போய் அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, யார் இந்தப் படத்தைப் பண்ணியது என்று கேட்டாள். ராதிகா காமிலாவின் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினாள். எட்டு வருஷத்தில் எத்தனையோ பேருடைய முகத்தைச் சரிசெய்து கொடுத்திருக்கிறாள் காமிலா. படம் வாங்கிப் போனவர்கள் அதைச் செய்தது யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

நர்ஸம்மா அவள் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு எனக்கும் இப்படித்தான் கண்ணு இருந்துச்சு. வழியெல்லாம் இந்த மூஞ்சியத் தவிர வேற ஒண்ணும் தெரியல."

திங்கட்கிழமை கடை திறந்ததும் காமிலா செய்த முதல் வேலை, அந்த ஷார்ப் பொத்தானைத் தன் விரல் எட்டும் இடத்திலிருந்து எடுத்ததுதான். மத்தியானம் மாமனார் வந்து, ஏன் என்று கேட்டார். அவள் நடந்ததை முழுக்கச் சொல்லிப் படத்தையும் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். பின்னால் மாடு இருந்ததா என்று கேட்கவில்லை. "புள்ளை நல்லா இருக்குதா இப்போ?" என்று மட்டும் கேட்டார்.