கிருஷ்ணவேணியின் பென்சில் நோட்டு

"பாதி இந்தி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்." விழுப்புரத்தில் என் மாலை வகுப்புக்கு முதல் நாள் வருகிறவர்களிடம் நான் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான். புத்தகம், சமாசாரம், ஆகாயம் என்று தெரிந்த வார்த்தைகளாக அடுக்குவேன். முகங்கள் மலரும். மறுநாளும் வருவார்கள். 1956 வரை இந்த வித்தையில் எனக்குப் பெருமை தாங்காது.

அந்த வருடம் ஏழு பேர் ராஷ்டிரபாஷா என்ற இந்திப் பரீட்சைக்குப் படித்தார்கள். அவர்களில் கிருஷ்ணவேணி என் பொறுமையைச் சோதிக்கவே வந்தவள். ரயில் இன்ஜினில் கரி அள்ளிப் போடும் பயர்மேனாக இருந்த அண்ணன் வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்தவள். தேறிவிட்டால் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இந்தி டீச்சர் வேலை கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் பாடம் நகரவே விடமாட்டாள்.

"சார், இந்த வார்த்த நம்ம வார்த்ததானா, இல்ல வேற அர்த்தமா?"

"ஏம்மா, பொண்ணு பாக்கவா வந்திருக்க? ஒவ்வொண்ணுக்கும் குலம் கோத்திரம் விசாரிக்கிற!"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே பென்சிலால் எதையோ குறித்துக்கொண்டாள். கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை.

பரீட்சைக்கு முந்தின மாலை அவள் நோட்டைப் பார்த்தேன். பாடப் புத்தகத்தைவிடத் தடிமனாக இருந்தது. அப்படி என்னதான் எழுதுகிறாள் என்ற எரிச்சலில் வாங்கிப் பிரித்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம். வார்த்தை, அந்த மொழியில் அதன் அர்த்தம், அதில் தடுக்கி விழுந்தவர் பெயர்.

'அவசரம்: இந்தியில் சந்தர்ப்பம். விழுந்தது கிருஷ்ணவேணி.' 'சிட்சை: நமக்குத் தண்டனை, அவங்களுக்குப் படிப்பு. விழுந்தது தையல்நாயகி.' இங்கிலீஷுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தாள். 'ஓட்டல்: நமக்குச் சாப்பிட, இங்கிலீஷ்காரனுக்குத் தங்க. விழுந்தது தெய்வசிகாமணி.' தையல்நாயகியைப் போலவே என்னிடம் படித்த பார்சல் ஆபீஸ் தெய்வசிகாமணி மெட்ராஸில் ஏதோ பெரிய ஓட்டலுக்குள் நுழைந்து இரண்டு இட்லி கேட்ட கதை வகுப்பில் பிரசித்தம்.

"இதெல்லாம் யாரு சொன்னது?"

"எதிர் குவார்ட்டர்ஸ்ல கான்பூர்க்காரம்மா இருக்காங்க சார். நீங்க சொல்லிக் குடுத்தத அவங்ககிட்ட ஒரு தபா கேட்டுக்கினு வந்து எழுதுவேன்."

என் பாடத்துக்கு மேல் விசாரணையா? காது சூடேறியது. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

'ஆலோசனை: நமக்கு யோசனை சொல்றது. இந்தியில் குத்தம் குறை சொல்றது, விமர்சனம். விழுந்தது சார்.'

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். அவள் எழுதியதுதான் சரி. மூன்று வருடமாக அந்த வார்த்தையை நம் வார்த்தை என்றே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இவள் ஒருத்திக்குத் தெரியும். மற்ற ஆறு பேரும் என்னை நம்பிக்கொண்டு நாளைக்குப் பரீட்சை எழுதப் போகிறார்கள். சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் அவர்கள் மார்க் போகும். வெட்கமாக இருந்தது, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் அழுகையும் வந்தது.

காலையில் திண்டிவனம் பாசஞ்சரில் ஏழு பேரும் என்னோடு ஒரே பெட்டியில் ஏறினார்கள். விக்கிரவாண்டி தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து நின்றேன்.

"ஆலோசனைக்கு நான் சொன்ன அர்த்தம் தப்பு. கிருஷ்ணவேணி எழுதினதுதான் சரி. நோட்ட குடும்மா, எல்லாத்தையும் படிச்சிடலாம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. தையல்நாயகி மட்டும், "மொதல்ல படிங்க சார், மயிலம் வந்துடப் போவுது" என்றாள். திண்டிவனம் வரைக்கும் வாய் ஓயாமல் படித்தேன்.

பரீட்சைக் கூடத்தின் வாசலில் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது மனம் பொறுக்காமல் கேட்டேன்.

"தெரிஞ்சதும் ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"போன வாரந்தான் சார் தெரிஞ்சுது. எல்லார் எதிர்லயும் எப்பிடிச் சொல்றதுன்னு பாத்தேன். நீங்களே ஒருநாள் பாத்துப்பீங்க, அப்புறம் அந்தப் பேர அழிச்சிடலாம்னுதான் இருந்தேன். அதனாலதான் பென்சில்ல எழுதினது."

அந்தப் பக்கத்தை நன்றாகப் பார்த்தேன். மற்றவர்கள் பெயரையெல்லாம் பென்சிலின் மேல் மையாலும் எழுதியிருந்தாள். என் பெயருக்கு மட்டும் மை படவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, 'சார்' என்பதன்மேல் 'சுப்பராயலு' என்று முழுப் பெயரையும் எழுதினேன்.

ஏழு பேரும் தேறினார்கள். கிருஷ்ணவேணி திண்டிவனத்தில் டீச்சரானாள். போகும்போது நோட்டை என்னிடமே விட்டுப்போனாள். இப்போதும் முதல் நாள், பாதி இந்தி உங்களுக்குத் தெரியும் என்றுதான் ஆரம்பிக்கிறேன். அடுத்த மூச்சில் அந்த நோட்டின் ஆலோசனைப் பக்கத்தைப் பிரித்து, விழுந்தவர் பெயரோடு சேர்த்துப் படித்துக் காட்டுகிறேன்.