ஆறாம் பக்கம்

கலியாணசுந்தரம் பட்டு அங்காடிக்கு இணையத்தில் மூன்று வாய்கள் இருந்தன. காலை ஷிஃப்டில் ஜெயக்குமார் அண்ணன். இருபது வருடமாகக் கவுண்டரில் புடவை விரிப்பவர், வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் 'கண்ணு' என்றுதான் ஆரம்பிப்பார். மதியம் ஸஹானா. கல்லூரி முடித்த கையோடு வந்தவள், ஒரு வரிக்கு நான்கு நெருப்பு எமோஜிப் பொம்மை போடுவாள். மாலையில் யதிராஜன் சார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஒரு முந்தானையின் விலையைக் கேட்டவருக்கு, 'அன்னம் தவழும் முந்தானை நோக்கிய தங்கள் திருவுளம் வாழ்க' என்று பதில் எழுதினார். விலையை எழுத மறந்துவிட்டார்.

ஒரு நாள் வேலூர்ப் பெண்மணி ஒருவர், "இந்தக் கடைக்கு ஏதாவது பிரச்சினையா? காலையில ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி பேசுது" என்று கமெண்ட் போட்டார். முதலாளி கலியாணசுந்தரம் அதைப் படித்துவிட்டு, சமூக ஊடகப் பொறுப்பில் இருந்த கீர்த்தியைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, கடைய பைத்தியம்ன்றாங்க. எல்லாரும் ஒரே மாதிரி பேசணும். எதனா பண்ணு."

கீர்த்தி பண்ணினாள். ஏனாத்தூரில் எம்.பி.ஏ. படித்தபோது அவளுக்குப் பிடித்த ஒரே பாடம், ஒரு நிறுவனத்துக்கு ஒரே குரலை அமைப்பது பற்றியதுதான். ஆறு மாதப் பதிவுகளையும் பதில்களையும் உட்கார்ந்து படித்து, எது கடையின் குரல், எது தனி மனிதரின் குரல் என்று பிரித்தாள். பிறகு ஒன்பது பக்கத்தில் ஒரு வழிகாட்டி எழுதினாள். கடை ஒரு ஆளாக இருந்தால் அது அவசரப்படுத்தாமல் புடவையை விரித்துக் காட்டும் ஒரு அக்கா. மரியாதை உண்டு, குழைவு கிடையாது. 'நீங்கள்' உண்டு, 'கண்ணு', 'டியர்' இரண்டும் கிடையாது. ஒரு பதிவுக்கு ஒரு பொம்மை. விலை கேட்டால் முதல் வரியில் விலை. குரல் எப்போதும் ஒன்றுதான். தொனி மட்டும் இடத்துக்கு இடம் மாறும். கல்யாண வாழ்த்தில் சிரிக்கலாம், புகாரில் சிரிக்கக் கூடாது. ஒவ்வொரு விதிக்கும் கீழே 'இப்படி எழுதாதே, இப்படி எழுது' என்று கடையின் சொந்தப் பதில்களிலிருந்தே உதாரணம்.

ஆறாம் பக்கம் சரக்கு இல்லாதபோது பேசுவது பற்றி. 'இந்தப் புடவை இப்போது எங்களிடம் இல்லை. நெய்து தர இத்தனை நாள் ஆகும். காத்திருக்க முடியுமா, வேறு பார்க்கிறீர்களா?'

முதலாளி ஐந்து பக்கம் வரை தலையாட்டினார். ஆறாவதில் நாற்காலியில் முள் குத்தியவர் மாதிரி எழுந்துவிட்டார்.

"இன்னாம்மா இது, 'இல்லை'ன்னு அடிச்சி வச்சிருக்க? வியாபாரம் பண்ற எடத்துல அந்த வார்த்தை வரலாமா? எங்க அப்பா காலத்துலேர்ந்து இந்தக் கடையில 'வருது'தான். நீ வேணா போய்க் கேளு, காந்தி ரோடு முழுக்க அப்டிதான்."

"சார், அது கவுண்டர்ல. இது ஆன்லைன்."

"ஆன்லைன்ல லட்சுமி வராதா?"

ஆறாம் பக்கம் மாறியது. 'விரைவில் வந்துகொண்டிருக்கிறது. வந்ததும் முதலில் உங்களுக்குத்தான் சொல்வோம்.' கீர்த்தி எட்டுப் பக்கத்தைக் காப்பாற்ற ஒரு பக்கத்தை விட்டுக்கொடுத்தாள். தன்னைச் சாமர்த்தியசாலி என்று நினைத்துக்கொண்டாள்.

மூவருக்கும் ஒரு வாரம் பயிற்சி. ஒரே கேள்வியைத் தனித்தனியாகக் கொடுத்து, வந்த பதில்களைப் பெயரை மறைத்துப் படித்தாள். முதல் நாள் வாசனையிலேயே ஆள் தெரிந்தது. ஏழாம் நாள் எது யாருடையது என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. அன்று முதலாளி எல்லாருக்கும் காராசேவு வாங்கிக் கொடுத்தார்.

ஆவணியில், ஜெயக்குமார் அண்ணன் கவுண்டரில் கூட்டமாக இருந்த ஒரு காலையில், கீர்த்தியே செய்திகளைத் திறந்தாள். ஆரணியிலிருந்து தீபிகா என்ற பெண் எழுதியிருந்தாள்.

"அக்கா, இன்னும் பன்னிரண்டு நாள்தான் கல்யாணத்துக்கு. அந்த மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர் வந்துடுச்சா? எங்கம்மா வேற கடையில எடுத்துடலாம்னு சண்டை போடறாங்க. நான்தான் அந்த அக்கா சொன்னா சொன்னதுதான்னு நிறுத்தி வச்சிருக்கேன். உங்க பேர் என்னக்கா?"

கீர்த்தி மேலே தள்ளிப் படித்தாள். நாற்பது நாள் உரையாடல். காலையில் ஒருவர், மதியம் ஒருவர், மாலையில் ஒருவர், ஏழு முறை பதில். ஏழும் ஒரே அக்காவின் பதில். நிதானம், மரியாதை, ஒரே ஒரு விளக்குப் பொம்மை. விரைவில் வந்துகொண்டிருக்கிறது.

"அண்ணே, மாம்பழ மஞ்சள் எந்தத் தறியில இருக்குது?"

ஜெயக்குமார் புடவை மடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "அதுவா? சித்திரையிலயே போயிடுச்சேம்மா. அப்புறம் தறியில அதுக்குப் பாவே போடல."

"பின்ன ஏன் வருதுன்னு எழுதினீங்க?"

"நீதான எழுதிக் குடுத்த? முன்னாடியா இருந்தா, 'இல்ல கண்ணு, வேற பாரு'ன்னு போட்டிருப்பேன். கண்ணும் போவக் கூடாது, இல்லையும் போவக் கூடாதுன்ன. போடல."

"நாப்பது நாள்ணே! அன்னிக்கே ஆர்டர் எடுத்திருந்தா நெய்தே குடுத்திருக்கலாம்!"

"குடுத்திருக்கலாம்" என்றார் அவர். "கவுண்டர்ல வருதுன்னு சொல்லுவோம், கை தானா அடுத்த புடவையைப் பிரிக்கும். அவங்களும் புரிஞ்சிப்பாங்க. இதுல கை எங்கம்மா இருக்குது?"

கீர்த்திக்கு உறைத்தது. மூன்று பேரும் தாறுமாறாகப் பேசிய காலத்தில் ஒருவராவது உண்மையை உளறியிருப்பார், அந்தப் பெண் பிழைத்திருப்பாள். இவள் ஒன்பது பக்கம் எழுதி, ஒரு வார வகுப்பெடுத்து, பொய்யைப் பிசிறு இல்லாமல் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறாள்.

நேரே கல்லாவுக்குப் போனாள். முதலாளி முழுக்கக் கேட்டார், பொறுமையாக.

"இன்னும் பன்னெண்டு நாள் தானம்மா? வருதுன்னே சொல்லு. முகூர்த்தம் முடிஞ்சா அவளே கேக்க மாட்டா."

"சார், அது ஒரு பொண்ணோட கல்யாணம்!"

"நான் இன்னா வாணான்னா சொன்னேன்? நல்லாக் கட்டிக்கட்டும்."

அவள் கடையின் கைப்பேசியில் அடித்தாள்.

'தீபிகா, அந்தப் புடவை எங்களிடம் இல்லை. சித்திரையிலிருந்தே இல்லை. வருகிறது என்று நாங்கள் சொன்னது பொய். பன்னிரண்டு நாளில் நெய்து தரவும் முடியாது. இனி காத்திருக்க வேண்டாம், அம்மா சொல்கிறபடி இன்றே வேறு கடையில் பாருங்கள். இந்தக் குரலை எழுதிக் கொடுத்தவள் நான். என் பெயர் கீர்த்தி.'

இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. அதன் பிறகு மூன்று நாள் ஒன்றுமே இல்லை.

நான்காம் நாள் கடையின் பக்கத்தில், எல்லாரும் பார்க்கிற இடத்தில், ஒரு விமர்சனம். ஒற்றை நட்சத்திரம்.

'புடவை கிடைத்துவிட்டது, வேறு கடையில். மாம்பழ மஞ்சள் இல்லை, கிளிப்பச்சை. நாற்பது நாள் ஆசை போனது போனதுதான். இங்கே ரொம்ப அழகாகப் பேசுவார்கள். யாரும் நம்பிவிடாதீர்கள்.'

முதலாளி கண்ணாடியைக் கழற்றி மாட்டி, இரண்டு தரம் படித்தார்.

"டெலீட் பண்ணுமா."

"அவங்க போட்டத நாம அழிக்க முடியாது சார். பதில்தான் போடலாம்."

"அப்போ போடு. அவ பொய் சொல்றான்னு போடு. நம்ம வாயிலதான், மரியாதையா."

விமர்சனத்தைக் கேள்விப்பட்டு மூன்று ஷிஃப்ட் ஆட்களும் வந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீர்த்தி உட்கார்ந்து, அவசரப்படுத்தாத அந்த அக்காவின் குரலில், பொம்மை எதுவும் போடாமல் எழுதினாள்.

'நீங்கள் சொல்வது அத்தனையும் உண்மை. தவறு எங்களுடையது. உங்கள் நாற்பது நாளை எங்களால் திருப்பித் தர முடியாது. மன்னித்துவிடுங்கள்.'

"படிச்சிக் காட்டுமா" என்றார் முதலாளி.

அவள் அனுப்பிவிட்டுப் படித்துக் காட்டினாள்.