சௌந்திரத்தின் முருங்கை மரம்

அந்த வருஷம் மழை பொய்த்துப்போனது. கூலியாட்கள் குடியிருந்த வளவில் முருங்கை மரங்கள் எல்லாம் குச்சியாய் நின்றன. நாமக்கல்லுக்கு மேற்கே இருந்த அந்த ஊரில் பச்சை தெரிந்த இடம் ஒன்றுதான்: அர்த்தநாரிக் கவுண்டர் தோட்டத்துக் கிணற்றடி. ஆயிரம் கோழிகளுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியிலிருந்து வழிந்த ஈரத்தில் ஒரு முருங்கை தழைதழையென்று நின்றது.

மாரக்காள் அங்கேதான் கோழிக் கூண்டுக்கு அடியில் எச்சம் வாரும் வேலை பார்த்தாள். நாலு வயசு மகள் செல்லியையும் கூட்டிக்கொண்டு போவாள். பொழுது சாய்ந்தால் அந்தப் பிள்ளைக்குக் கண் தெரியாது. வெளிச்சம் மங்கினதும் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கும். தட்டில் இருக்கும் களியை விரலால் தேடும். ஒருநாள் சாயங்காலம் முட்டை அடுக்கியிருந்த அட்டை மேலேயே போய் விழுந்துவிட்டது.

ஓடிவந்த சௌந்திரம், அர்த்தநாரியின் தாய், உடைந்த முட்டைகளைப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தாள். பிள்ளை இமைக்கவில்லை.

"மாலக்கண்ணுடி இது. வெள்ளாமை இல்லாத வயித்துக்கு வர்றது. மரத்துல கீரைய ஒடிச்சுட்டுப் போ. தெனமும் ஆக்கிப் போடு. நாஞ் சொன்னன்னு போடு."

அவள் இரக்கப்பட்டாள் என்று சொல்ல முடியாது. தன் மரத்தின் மேல் அவளுக்கு இருந்த பெருமை அப்படி. ஆனால் கொடுத்தாள், அதை மறைக்கக் கூடாது.

அதே நாள் காலையில் நர்சு சாலம்மாள் வளவுக்கு வந்திருந்தாள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஆளுக்கு ஒரு கரண்டி எண்ணெய் மருந்தை வாயில் ஊற்றினாள். செல்லியின் கண்ணைத் தூக்கிப் பார்த்துவிட்டு மாரக்காளிடம், "இது ஆறு மாசத்துக்குத் தாங்கும். மறுபடி வாரேன். அதுவரைக்கும் முருங்கைக்கீரை கெடைச்சா விடாம குடு. ஒரு சொட்டு கடலை எண்ணெய் விட்டு ஆக்கு. எண்ணெயோட போனாத்தான் கண்ணுக்குச் சேரும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் செல்லி சுவரைத் தொடாமல் நடந்தது.

சௌந்திரம் அதைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து ஊருக்குள் அவள் மரத்துக்கு மவுசு. யார் வந்தாலும் செல்லியை முன்னால் இழுத்து நிறுத்துவாள். "குருட்டுப் புள்ளைங்க இது. எங்க மரத்துக் கீரைதான் கண்ணு குடுத்துச்சு. ஏ மாரக்கா, சொல்லு புள்ள."

"ஆமாங்க கவுண்டச்சிங்க," என்பாள் மாரக்காள். கரண்டி மருந்தைப் பற்றி அவள் பேசவில்லை. பேசினால் கீரை நின்றுபோகும். கீரையோடு சேர்த்து ஒரு வாய் மோர், மீந்த சோறு, வேலை எல்லாமே அந்த ஒரு "ஆமாங்க"வில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. செல்லியின் முகமும் தெளிந்துகொண்டே வந்தது. கீரை வேலை செய்யவில்லை என்று அவளும் நினைக்கவில்லை.

அந்தச் சமயத்தில் அர்த்தநாரியின் மனைவி பெரியநாயகி நாலு மாதம் உண்டாகியிருந்தாள். முதலில் உண்டானது கலைந்துபோயிருந்தது. இரண்டாவதுக்குக் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் மாதத்தில் அவள் உதடு வெளுத்தது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தவள் நாலடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். ஒருநாள் கூண்டுக் கொட்டகைப் பக்கம் வந்து மாரக்காளின் கையைப் பிடித்தாள்.

"மாரக்கா, உங்கூட்டுச் செவுத்துல செம்மண்ணு பூசியிருக்கீல்ல? ஒரு கட்டி கொண்டாறயா? மண்ணு திங்கோணும்னு நாக்கு தவிக்குது. அத்தைக்குத் தெரியக் கூடாது."

மாரக்காள் கொண்டுவந்து கொடுத்தாள். கவுண்டர் வீட்டு மருமகள் கொட்டகையின் மறைவில் உட்கார்ந்து, வளவுச் சுவரின் மண்ணைச் சர்க்கரைக் கட்டி மாதிரி சப்பினாள்.

அர்த்தநாரி நாமக்கல்லுக்குக் கூட்டிப்போய்ச் சோதித்துப் பார்த்தான். பதினொன்று இருக்கவேண்டிய ரத்தம் ஆறுதான் இருக்கிறது என்றார்கள். வயிற்றில் கொக்கிப்புழுவும் இருந்தது. வெறுங்காலோடு தோட்டத்தில் நடந்தவளுக்கு அது வராமல் இருந்தால்தான் அதிசயம். புழுவுக்கு மருந்தும், தினம் முழுங்க இரும்பு மாத்திரையும் கொடுத்து, பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் என்று கண்டிப்பாய்ச் சொல்லி அனுப்பினார்கள்.

நாலு நாள் முழுங்கினாள். மலம் கறுப்பாய்ப் போனது, வயிறு குமட்டியது. சௌந்திரத்துக்கு அது போதும்.

"கறுப்பு மாத்தரையத் தின்னா கறுப்புப் புள்ளதான் பொறக்கும். அதும் பூசணிக்கா மாதிரி பெருத்து, வெளிய வராது. கீரை இருக்கறப்ப மாத்தரை எதுக்கு?" என்று அள்ளிக் கோழிக் கொட்டகைக் குப்பையில் வீசினாள். அன்றிலிருந்து கீரை வைத்தியம். கொத்துக் கொத்தாய் ஒடித்து, கசப்புப் போக வேகவைத்து, அந்தத் தண்ணீரை இறுத்துக் கொட்டிவிட்டு, சக்கையைப் பெரியநாயகியின் முன்னால் வைப்பாள். மிச்சத்தை மொட்டைமாடி வெயிலில் சருகாய்க் காயவைத்துப் பொடித்து மோரில் கலக்கிக் கொடுப்பாள். சாப்பிட்ட கையோடு கடுந்தேநீர். முட்டை கிடையாது, சூடு. கறி கிடையாது, விரதம். ஆயிரம் கோழி முட்டையிட்ட வீட்டில் அவள் தின்றது கீரையைத்தான்.

"தட்டைக் காமி," என்று ஒவ்வொரு வேளையும் பக்கத்தில் நின்று பார்ப்பாள். ஓங்கரித்துத் துப்பினால் மறுபடி வைப்பாள். பெரியநாயகி கண்ணீர் வழிய மென்று விழுங்குவாள்.

எட்டாம் மாதம் சாலம்மாள் வந்தாள். பெரியநாயகியின் கீழிமையை இழுத்துப் பார்த்தவளின் முகம் மாறியது. இமையின் உள்பக்கம் வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. கால் வீங்கியிருந்தது. அர்த்தநாரி வாசலில் நின்றிருந்தான்.

"மாத்திரை முழுங்கறாளா?"

"கீரை தின்னறா," என்றாள் சௌந்திரம். "உங்க படத்துலயே போட்டு வெச்சிருக்கறீங்கல்ல, முருங்கையில இரும்பு இருக்குதுன்னு?"

அந்தச் சத்துணவுப் படத்தை ஊர் ஊராய்க் காட்டினவள் சாலம்மாள்தான். "இருக்குதுங்க. ஆனா எலையில இருக்கறதெல்லாம் ரத்தத்துல சேர்றதில்லீங்க. நூறுல ரெண்டு மூணு பங்கு சேந்தாப் பெருசு. தேத்தண்ணி குடிச்சா அதுவும் இல்ல. புழு ஒருபக்கம் உறிஞ்சுது, கொழந்தை ஒருபக்கம் எடுக்குது. கீரை நல்லதுதான், தின்னட்டும். கண்ணுக்கு நல்லது, எலும்புக்கு நல்லது. ஆனா இந்த ரத்தத்த அது ஏத்தாதுங்க. இன்னிக்கே சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போனா ரத்தம் ஏத்துவாங்க."

"குருட்டுக் கண்ண மூணே நாள்ல தொறந்த கீரை ரத்தத்த ஏத்தாதா? அர்த்தநாரி, நீயே கேளு. ஏ மாரக்கா! இங்க வா. சொல்லு."

மாரக்காள் கூடையோடு வந்து நின்றாள். உள்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பெரியநாயகி நின்றிருந்தாள். அவள் கடைவாயில் செம்மண் ஒட்டியிருந்தது. வேறு யாருக்கும் அது என்னவென்று தெரியாது.

"கவுண்டச்சிங்க... கீரை ஒத்தாசையா இருந்துச்சுங்க. இல்லீன்னு சொல்லலீங்க. ஆனா அன்னிக்குக் காலையில நர்சம்மா ஒரு கரண்டி மருந்து ஊத்துனாங்க. மூணு நாள்ல கண்ணு தொறந்தது அதுலதானுங்க." அவள் தலையைத் தூக்கவில்லை. "அம்மணிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க சாமி. அவங்க மண்ணு திங்கறாங்க."

சௌந்திரம் அறைந்த அறையில் கூடை உருண்டது.

"என் சோத்தத் தின்னுட்டு என் மருமவ மண்ணு திங்கறாள்ங்கறயா? பட்டினியா போட்டு வெச்சிருக்கறேன் நானு? வெளிய போடி! இந்தத் தோட்டத்துல உன் காலு படக் கூடாது."

அர்த்தநாரி அம்மாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். "வெள்ளிக்கெழம முட்டை லோடு சேலம் போவுது. அதுல கூட்டிட்டுப் போறனுங்க," என்றான் நர்சிடம். அதற்குள் மூன்று நாள் இருந்தது. அன்றே போயிருக்கலாம், வண்டி வாசலில்தான் நின்றது. அம்மாவின் முகம் தணியட்டும் என்று பார்த்தான்.

வியாழக்கிழமை விடியலில் வலி கண்டது. பிள்ளை செத்துப் பிறந்தது. ரத்தம் போனது, ஊரில் எத்தனையோ பெண்களுக்குப் போகிற அளவுதான், அவர்கள் பத்தாம் நாள் எழுந்து அடுப்படிக்கு வந்தவர்கள். பெரியநாயகியின் உடம்பில் இழப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. முட்டை வண்டியில் அட்டைகளை இறக்கிப்போட்டு அவளைக் கிடத்தியதை மாரக்காள் வளவு முனையில் நின்று பார்த்தாள். வண்டி ராசிபுரத்தைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள்.

எழவு வீட்டில் சௌந்திரம் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "நாலு மாத்தரை தின்னாளே, அந்த விஷம் கொன்னுபோட்டுதே! எச்சம் வார்றவ வாய் வெச்சாளே, அந்த வாயி கொன்னுபோட்டுதே!" கேட்டவர்கள் நம்பினார்கள். நம்புவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

அதற்குப் பிறகு அந்த ஊரில் மாரக்காளுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. புருஷன் காளியப்பன் பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு செங்கல் சூளைக்குக் கூட்டிக்கொண்டு போனான். சுற்றிலும் சாம்பலும் பொட்டலும். ஒரு முருங்கைக் குச்சிகூட இல்லை. மாரக்காள் எங்கிருந்தோ ஒரு கிளையை வாங்கிவந்து நட்டாள். மண் லாரி ஏறி மிதித்தது. சாலம்மாள் சொன்ன அடுத்த கரண்டிக்கான மாதமும் வந்து போனது. சூளை ஆட்களின் பிள்ளைகள் எந்த நர்சின் கணக்கிலும் இல்லை.

செல்லி மறுபடியும் அந்திக்கு அந்தி சுவரைத் தடவ ஆரம்பித்தது. அதன் மேல் தட்டம்மை வேறு போட்டது. குடிசையை இருட்டாக்கி, வேப்பிலை செருகி, கஞ்சித் தண்ணீர் மட்டும் கொடுத்தார்கள். அம்மை இறங்கியபோது பிள்ளையின் இடது கண்ணில் கருவிழி பாலாடை மாதிரி வெளுத்துக் குழைந்துபோயிருந்தது.

சேலத்து ஆஸ்பத்திரியில் மருந்து ஊற்றி வலது கண்ணைக் காப்பாற்றினார்கள். இடது கண்ணுக்குச் செய்ய ஒன்றுமில்லை என்றார்கள்.

தீபாவளி கழிந்து சொந்தக்காரர் வீட்டு எழவுக்காக நாமக்கல் வந்தாள் மாரக்காள். பஸ் ஸ்டாண்டில் எதிரே சௌந்திரம் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் புதுத் தாலி மின்ன, லேசாய் வயிறு மேடிட்ட ஒரு பெண். அர்த்தநாரிக்கு ஆறு மாதம் முடிவதற்குள் மறுபடி கட்டிவைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

சௌந்திரத்தின் கண் செல்லியின் முகத்தில் நிலைத்தது. நெருங்கி வந்து பிள்ளையின் தாடையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள்.

"பாத்தியா கண்ணு," என்றாள் மருமகளிடம். "எங்கீரையத் தின்ன வரைக்கும் இதுக்குக் கண்ணு நல்லாத் தெரிஞ்சுது. விட்டா, போச்சு. நாஞ் சொன்னா ஆருக்கு ஏறுது?"

மாரக்காள் செல்லியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்த மரத்துக் கீரை தொடர்ந்து கிடைத்திருந்தால் இந்தக் கண் இருந்திருக்கும். அதில் பொய் இல்லை. சௌந்திரத்தின் வாயிலிருந்து வரும் நிஜம் எந்தப் பொய்யையும்விட அதிகமாய்க் குத்தியது.

மாரக்காள் புது மருமகளைப் பார்த்தாள். பெயர்கூடத் தெரியாது. கீழுதடு லேசாய் வெளுத்திருந்தது.

"அம்மணி, கீரையத் தின்னுங்க. நல்லதுதான்," என்றாள். "மாத்தரையையும் முழுங்குங்க. தூக்கிப் போட உடாதீங்க."

அந்தப் பெண் திரும்பி மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். சௌந்திரம் அவள் முழங்கையைப் பிடித்து, "வா, வண்டி வந்துட்டுது," என்று கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.