பத்தாங்கட்டைக் கூலி

"ஒண்டேகால் ரூபாவோ? பிள்ளை, நான் அனுப்புறது துணிப்பொதியோ, யானையோ..."

"யானையெண்டால் தானாய் நடந்து போயிடும் முதலாளி, எனக்குப் பெற்றோல் மிச்சம்..."

"பகிடியை விடு. நிலாவெளி எத்தினையாம் மைல்கட்டை?"

"பத்தாங்கட்டை."

"மூண்டாங்கட்டைக்கு என்ன எடுக்கிறாய்?"

"பொதிக்கு இருபது சதம்."

"அப்ப பத்துக்கு எழுபது சதமும் வராது! எனக்குக் கணக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ?"

"நீங்கள் போற கணக்கு மட்டும் பாக்கிறியள். வானை நிலாவெளியில விட்டிட்டு பக்கீர் காக்கா கடலால நீந்தியோ வாறது?"

வானின் முன்மூடியைத் துடைத்துக்கொண்டிருந்த சாரதி பக்கீர், "எனக்கு நீந்தத் தெரியும் புள்ள, வானுக்குத்தான் தெரியாது" என்றார்.

சோமசேகரம் முதலாளி சிரிக்கவில்லை. பெரிய கடைத்தெருவில் பட்டும் பூசைச் சாமானும் விற்கிறவர். அவர் கடைக் கற்பூரம் இல்லாமல் நிலாவெளிப் பக்கம் ஒரு கோயிலிலும் மணி அடியாது என்பது அவருடைய பேச்சு. அவர் முன்னால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றவள் இரத்தினேஸ்வரி. புகையிரத நிலைய வீதியில் அவளுடைய தகரக் கொட்டில். அதற்குள் ரயிலில் வந்திறங்கும் பொதிகள், கொட்டிலுக்கு வெளியே ஒரு பழைய ஒஸ்ரின் வான். அவளுடைய புருசன் சிவபாதம் நேவி யாட்டில், கடற்படைத் துறையில், வேலைக்குப் போனதும், வானை விற்காமல் "நான் ஓட்டுவிக்கிறன்" என்று பிடித்துக்கொண்டவள். ஜப்பான்காரன் குண்டு போட்டு ஊர் வெறிச்சோடி, பிறகு கப்பல்களும் சனமும் திரும்பி வந்து இரண்டு வருசம் ஆகிறது. இந்த இரண்டு வருசத்தில் எந்தப் பொதிக்கு எவ்வளவு கூலி என்பதை அவளே ஓடிப் பார்த்து ஓடிப் பார்த்துத் தீர்மானித்திருந்தாள். மூன்றாங்கட்டைக்குள் இருபது சதம். ஏழாங்கட்டை வரை ஐம்பது சதம். பத்தாங்கட்டைக்கு ஒன்றேகால் ரூபா.

"கேளுங்கோ முதலாளி," என்றாள். "ஊருக்குள்ள ஒரு சுத்துச் சுத்தினால் இருபது வாசலில இறக்குவம். அந்தப் பெற்றோலை இருபது பேர் பங்கு போடுகினம். நிலாவெளிக்கு ஏறுறது அஞ்சாறு பொதி. வழிக்காவல் சென்றியில ஆமிக்காரன் மறிச்சு ஒவ்வொண்டாய் அவிட்டுப் பாத்தானெண்டால் அரைநாள் போச்சு. அந்த அரைநாளில ஊருக்குள்ள ரண்டு சுத்து ஓடியிருப்பன். அதுக்கு மேல, வரேக்க வெறும் வான்."

"வெறும் வான் வந்தால் அது என்ர குற்றமோ?"

"உங்கட குற்றந்தான்!"

"என்ன?"

"மீன் ஏத்தின வானில என்ர சரக்கு ஏறாதெண்டு சொன்னது ஆர்? நிலாவெளியில மீன்கூடையளோட சனம் கையை நீட்டி மறிக்குது. உங்கட சொல்லுக்காக நிப்பாட்டாமல் வாறம். வரேக்க மீன் ஏத்த விடுங்கோ, வந்து சுடுதண்ணி ஊத்திக் கழுவிறன், உங்களுக்கு எண்பது சதத்துக்குக் கொண்டுபோறன். ஏலாதெண்டால் வெறும் வானின்ர பெற்றோல் உங்கட தலையில."

"கோயில் சாமானும் கூறைப்பட்டும் மீன்நாத்தத்தில போறதோ? உன்ர வாய்க்கு ஒரு எல்லை இல்லை." அவர் குடையை விரித்தார். "ஞானசேகரம் லொறி விட்டிருக்கிறான். எங்க போனாலும் ஒரே கூலி. ஐம்பது சதம். அவன் மனுசன்."

"போங்கோ முதலாளி. ஆனால் அவரும் வெறும் லொறியோட வாறாரோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ."

அவர் கேட்கவில்லை. போய்விட்டார்.

அன்றைக்குச் சிவபாதம் வேலையால் வந்து கதிரையில் இருந்ததும் இருக்காததுமாகத் தொடங்கினான். கடைத்தெரு முழுக்கக் கதை பரவிவிட்டிருந்தது.

"நீயும் ஐம்பது சதமாக்கு, இரத்தினம்."

"ஆக்கினால்?"

"முதலாளி திரும்பி வருவார்."

"முதலாளி மட்டுமோ வருவார்? தூரத்துப் பொதி முழுக்க வரும். மாதம் அளந்து தாற பெற்றோல் கூப்பன் பாதி மாதத்தில முடிஞ்சிடும். பேந்து ஊருக்குள்ள இருபது சதம் தந்து என்னை நம்பியிருக்கிற சனத்துக்கு என்ன சொல்லுறது?"

"ஓட்டம் குறைஞ்சால் கூப்பன் தாற அரசாங்கக் கந்தோரில என்ன சொல்லுவினம் எண்டு தெரியுமோ? சும்மா நிக்கிற வானுக்கு ஏன் பெற்றோல் எண்டு கேப்பினம். பாதியாய் வெட்டுவினம். வெட்டினால் நான் வானை வித்துப்போடுவன். சொல்லிப்போட்டன். கொந்தராத்துக்காரன் ஒருத்தன் நேற்றும் வந்து டயரைத் தட்டிப் பாத்திட்டுப் போனவன்."

"என்ர வானிலயோ தட்டினவன்?"

"எங்கட வானில."

"இந்த மாசம் முடியட்டும்," என்றாள் அவள். குரல் இறங்கவில்லை. ஆனால் அன்று குசினிக்குள் கறியில் உப்புப் போட்டாளா இல்லையா என்று இரண்டு தரம் ருசி பார்த்தாள்.

பிறகு நடந்தது தண்ணீர் பள்ளத்துக்குப் போவதுபோலத்தான். ஐம்பது சதம் என்றால் ஊருக்குள் இருக்கிறவனுக்கு அது அநியாயம், நிலாவெளிக்காரனுக்கு அது அதிர்ஷ்டம். ஊருக்குள் போகும் பொதியெல்லாம் இருபது சதத்துக்கு இரத்தினேஸ்வரியின் கொட்டிலுக்கு வந்தன. தூரத்துப் பொதியெல்லாம் ஞானசேகரத்தின் லொறியில் ஏறின. ஞானசேகரம் சங்கு ஊதுவதுபோல ஹோர்ண் அடித்துக்கொண்டு போவான். கொட்டில் வாசலில் வேகத்தைக் குறைத்து, "என்ன அக்கா, இண்டைக்கும் மூண்டாங்கட்டைதானோ?" என்பான்.

"ஓம் தம்பி. நீ எங்க?"

"பத்தாங்கட்டை! நாளைக்கும் பத்தாங்கட்டை!"

"நல்லாய்ப் போ. திரும்பி வாறதுக்கும் கொஞ்சம் மிச்சம் பிடி."

பக்கீர் கவலைப்பட்டார். "புள்ள, நம்மட தூரத்து ஓட்டம் குறைஞ்சு போச்சு. கந்தோர்க்காரன் கணக்குக் கேக்கப்போறான்."

"வாசல் குறையேல்லைத்தானே காக்கா? கிட்டத்து ஆக்கள் ஆரும் வராமல் விட்டவையோ?"

"இல்ல."

"அப்ப ஓடுங்கோ."

மூன்றாவது கிழமை ஹோர்ண் சத்தம் கேட்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாள் ஞானசேகரம் நடந்து வந்தான். கையில் வெறும் பெற்றோல் தகரம்.

"அக்கா, ஒரு கலன் பெற்றோல் தாங்கோ. அடுத்த மாசக் கூப்பன் கிடைச்ச உடன தாறன்."

"லொறி எங்க?"

"என்ர கொட்டிலில. கூப்பன் முடிஞ்சுது. வெளிக்கிட ஏலாது. எல்லாரும் தூரத்துக்கே கொண்டாறாங்கள் அக்கா, கிட்டத்துப் பொதி ஒண்டும் வருதில்லை!"

"கிட்டத்துப் பொதி என்னட்டையெல்லோ வருது, தம்பி. கூப்பன் பெற்றோலைக் கைமாத்தினால் எனக்கும் மறியல்வீடு, உனக்கும் மறியல்வீடு. ஏலாது. இரு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

அவன் குடித்துக்கொண்டிருக்கும்போதே சோமசேகரம் முதலாளி வந்தார். குடை விரிக்கவில்லை, வெயிலில் வேர்த்து வந்திருந்தார். பின்னால் கடைப் பொடியன் ஒரு பொதியைக் கையை நீட்டித் தன் உடம்பில் படாமல் தூக்கி வந்தான்.

"மணந்து பார்!" என்றார் முதலாளி. இரத்தினேஸ்வரிக்கா, ஞானசேகரத்துக்கா என்று தெரியவில்லை. "நாளைக்குக் காலமை நிலாவெளியில கலியாணம். பொம்பிளையின்ர கூறைப்பட்டு! நாலு நாளாய் இவன்ர லொறியில கிடந்த கூறை! மணந்து பார்!"

பக்கீர்தான் மணந்தார். "கருவாடு," என்றார். "நல்ல சீலாக் கருவாடு."

"ஏனடா, என்ர சரக்கோட மீன் ஏத்தினனியோ?"

ஞானசேகரம் கோப்பையைக் கீழே வைத்தான். "சரக்கோட இல்லை முதலாளி, வரேக்கத்தான். பின்ன என்ன, ஐம்பது சதத்துக்கு ஆர் வெறும் லொறியோட வருவான்? கழுவ நேரமில்லை, அதுதான்..."

இரத்தினேஸ்வரி சிரிப்பை அடக்க மற்றப் பக்கம் திரும்பினாள். முதலாளி அதைக் கண்டுவிட்டார்.

"பிள்ளை," என்றார் மெதுவாக. "கடையில வேற கூறை இருக்கு. இண்டைக்கே போகவேணும். உன்னட்டப் பெற்றோல் இருக்கோ?"

"இருக்கு. கிட்டத்து ஓட்டம்தானே ஓடினனான். போகவும் இருக்கு, வரவும் இருக்கு."

"ஐஞ்சு ரூபா தாறன். பத்து வேணுமோ?"

கொட்டிலுக்குள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பக்கீர் கண்ணால் 'பத்து' என்றார்.

"பொதிக்கு ஒண்டேகால் ரூபா," என்றாள் இரத்தினேஸ்வரி.

"நான் பத்துத் தாறன் எண்டு சொல்லுறன்!"

"கேட்டது. நீங்கள் அவசரப்பட்டால் கட்டை கூடுமோ? அது அண்டைக்கும் பத்தாங்கட்டைதான், இண்டைக்கும் பத்தாங்கட்டைதான். ஆனால் ஒரு பொதிக்காக வான் வெளிக்கிடாது. தம்பி ஞானசேகரம், உன்ர லொறியில நிலாவெளிப் பொதி வேற எத்தினை கிடக்கு?"

"பத்துக்குக் குறையாது அக்கா."

"பொதி உடையவையிட்டப் போய்ச் சொல்லு. ஒண்டேகால் தாறதெண்டால் இப்ப கொண்டரட்டும். மீன் மணக்கிறதைத் தனியாய்க் கட்டு."

ஒரு மணித்தியாலத்துக்குள் வான் நிறைந்தது. ஒருத்தர்கூட விலை பேசவில்லை. சிவபாதம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவன், வாசலில் நின்ற சனத்தைப் பார்த்து, "என்ன சண்டையோ?" என்று கேட்டான்.

"இல்லை," என்றாள் அவள். "கொந்தராத்துக்காரன் வந்தால் சொல்லுங்கோ, டயர் தேஞ்சு போச்சு, ஓடி ஓடித் தேஞ்சு போச்செண்டு."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு குனிந்து கடைசிப் பொதியைத் தூக்கி வானுக்குள் வைத்தான். அதை அவள் கண்டாள். கந்தோரில் அந்த மாதம் கூப்பனை வெட்டவில்லை என்பது பிறகு தெரிந்த செய்தி. அவளுக்கு அது அப்போதே தெரிந்ததுபோல இருந்தது.

கூறையை யாரிடமும் நம்பிக் கொடுக்க மாட்டேன் என்று முதலாளியும் ஏறிக்கொண்டார். முன்னால் பக்கீரும் இரத்தினேஸ்வரியும், பின்னால் பொதிகளுக்கு நடுவில், மடியில் கூறையோடு முதலாளி. சென்றியில் ஆமிக்காரன் மறித்து ஒவ்வொன்றாய் அவிழ்க்கச் சொன்னான். வெயிலில் வரிசையாய் நின்றார்கள்.

"இதுக்குமோ கூலி?" என்றார் முதலாளி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

"இதுக்குந்தான் கூலி."

"ம்."

சாம்பல்தீவு தாண்டிப் பாதை மணலாகிச் சில்லு அமிழ்ந்தது. பக்கீர் இறங்கித் தள்ளச் சொன்னார். பெரிய கடைத்தெரு முதலாளியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். தள்ளினார். அவருடைய தோளுக்குப் பக்கத்தில் தோள் வைத்து இரத்தினேஸ்வரியும் தள்ளினாள்.

கலியாண வீட்டில் கூறையை வாங்கிக்கொண்டவர்கள் முதலாளியைவிட வானைத்தான் கும்பிட்டார்கள். மற்றப் பொதிகளும் வாசல் வாசலாய் இறங்கின. கடைசிப் பொதி இறங்கியதும் பத்தாங்கட்டையில் வானைத் திருப்பினார் பக்கீர்.

அங்கே வள்ளிநாயகி நின்றாள். கரைவலைக்காரரின் மீனைப் பட்டினத்துக்கு அனுப்புகிறவள். காலடியில் எட்டுக் கூடை, ஈரச்சாக்கு மூடி.

"தங்கச்சி, லொறி வரேல்லை! வெயில் எரிக்குது, மீன் பழுதாகுது! கூடைக்கு என்ன கேட்டாலும் தாறன், ஏத்து!"

பக்கீர் இயந்திரத்தை நிறுத்தாமல் இரத்தினேஸ்வரியைப் பார்த்தார். இரத்தினேஸ்வரி இறங்கினாள். வானைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். முதலாளி வெறும் வானுக்குள், நடுவில், வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தனியாக இருந்தார்.

"நீங்கள் சொன்ன சொல்லு சொல்லுத்தான் முதலாளி, நான் மீறேல்லை. இனி நீங்களே சொல்லுங்கோ: இந்த வழி உங்கட ஒண்டேகால் ரூபாயில வெறுமனே ஓடட்டோ, இல்லாட்டி எண்பது சதமாக்கி வள்ளிநாயகியக்காவுக்கும் பெற்றோல் செலவில ஒரு பங்கு குடுக்கட்டோ?"