ஐம்பது கேபிக்குள்

கடைசி நாள், மாலை ஐந்தேகாலுக்குத்தான் அண்ணி கொழுந்தனின் கணினி மையத்துக்குள் நுழைந்தாள். அரசு வேலைத் தேர்வுக்கான விண்ணப்பம் ஆறு மணிக்கு மூடிவிடும். வயது வரம்பும் இந்த வருடத்தோடு சரி. விட்டால் அந்தத் தேர்வை இனி எழுத முடியாது.

அண்ணன் இறந்து நாற்பது நாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பொட்டுத் தூக்கமில்லை.

வெள்ளைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அவளை நிறுத்தினான். ஒட்டி நின்றால் பின்னணியில் நிழல் விழும்.

“சிரிக்கணுமா தம்பி?”

“வேணாம் அண்ணி. இந்தப் போட்டோல அழகா இருந்தா திருப்பி அனுப்பிருவாங்க.”

படம் பளிச்சென்று வந்தது. 413க்கு 531 பிக்சலாக வெட்டினான். கோப்பின் அளவு நூற்றிருபது கேபி. இருபதிலிருந்து ஐம்பதுக்குள் வேண்டும். தரத்தைக் குறைத்து நாற்பத்தெட்டில் சேமித்து ஏற்றினான். சிவப்பு எழுத்து வந்தது: கண்கள் திறந்திருக்க வேண்டும்.

பெரிதாக்கிப் பார்த்தான். மூடியிருந்தன.

மூலப் படத்தில் திறந்துதான் இருந்தன. தொண்ணூறு கேபியில் சேமித்தான். இமை லேசாகத் தாழ்ந்திருந்தது. எழுபதில் பாதி. தரம் குறைந்தால் படம் மங்கும், கட்டம் கட்டமாக உடையும். இமை இறங்கி அவன் பார்த்ததில்லை.

ஜெராக்ஸுக்குக் காத்திருந்த பால்காரர் எட்டிப் பார்த்தார். “என்னப்பா, உன் கம்ப்யூட்டர் தாலாட்டுப் பாடுதா?”

“சும்மா இருங்கண்ணே.”

இன்னொரு படம் எடுத்தான். அதுவும் அப்படியே.

“என்ன தம்பி ஆச்சு?”

“அளவுல சின்னத் தகராறு. உக்காருங்க அண்ணி.”

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவள் கைப்பேசியை மடியில் வைத்தாள். மறுபடி மறுபடி சேமித்துப் பார்த்தான். மணி ஐந்து நாற்பத்தெட்டு.

“அட, அந்தப் பொண்ணு தூங்கிருச்சு. எழுப்பிடாதே,” என்று கிசுகிசுத்துவிட்டுப் பால்காரர் நகல்களோடு கிளம்பினார்.

திரும்பிப் பார்த்தான். தலை சுவரில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்து, குழந்தை மாதிரி உறக்கம்.

அதே படத்தை அதே நாற்பத்தெட்டில் சேமித்தான். கண்கள் அகலத் திறந்திருந்தன. ஏற்றினான். பச்சை.

விண்ணப்பத்தை உறுதிசெய்யும் ஓடிபி எண் அவள் மடியிலிருந்த கைப்பேசியில் ஒளிர்ந்தது. குனிந்து படித்து வந்து தட்டினான். ஐந்து ஐம்பத்துநாலுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. இனி படத்தை யாரும் மாற்ற முடியாது.

“அண்ணி, முடிஞ்சுது.”

அவள் அசையவில்லை. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

அச்சிட்ட தாளை எடுத்துக்கொண்டு அவளைத் தொட்டு எழுப்பக் கை நீட்டினான். தாளிலிருந்த முகம் இமைக்காமல் அவனையே பார்த்தது. இந்தக் கண்கள் மூடாமல் அவள் கண்கள் திறக்குமா? நீட்டிய கையை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.