குறைந்ததே செல்லும்

பனி அன்று காலை ஜன்னல்வரை வந்து நின்றிருந்தது. கட்டுப்பாட்டு அறைக்குள் உட்கார்ந்திருந்தவளுக்கு வெளியே தொழிற்சாலை இருக்கிறதா என்றே சந்தேகம். வாயுவை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸரின் ரீங்காரம் மட்டும் தரை வழியாக ஏறி, நாற்காலி வழியாக முதுகுக்குள் வந்து ஓடிக்கொண்டிருந்தது. திரையில் நீலக் கோடும் பச்சைக் கோடும் தூக்கத்தில் புரளுவதுபோல் மெல்லப் புரண்டன.

நீலம், வெளியே போகும் வாயுவின் அழுத்தம். பச்சை, உள்ளே வரும் வாயுவின் அழுத்தம். இரண்டையும் கவனிக்க ஆளுக்கொரு கன்ட்ரோலர். ஒன்று பக்கத்து ஆலைக்கு வேண்டிய அழுத்தத்துக்காக வேகம் கேட்கும். இன்னொன்று உள்வரவு ஓர் எல்லைக்குக் கீழே போகாதபடி வேகத்துக்குக் கடிவாளம் போடும். நடுவில் இருக்கும் செலக்டர் இரண்டில் எது குறைவாகக் கேட்கிறதோ அதைத்தான் கம்ப்ரஸருக்கு அனுப்பும். வழக்கமாக நீலத்தின் பேச்சுதான் நடக்கும்.

அன்று பச்சைக் கோடு சரிந்துகொண்டே வந்தது. திரையின் ஓரத்தில் எழுத்து மாறியது: 'உள்வரவு'. ரீங்காரம் ஒரு சுருதி இறங்கியது. வேகம் குறைந்தது கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் தெரிந்தது.

போன் அடித்தது. பக்கத்து ஆலையின் உலைப் பொறுப்பாளர். அவள் புருஷன்தான். அவளுடைய ஸ்கூட்டரை ஒரு வார்த்தை கேட்காமல் தம்பிக்குத் தூக்கிக் கொடுத்ததிலிருந்து வீட்டில் பேச்சு இல்லை. ஆலை போனில் மட்டும் மரியாதைக்குக் குறைவில்லை.

"மேடம், கேஸ் பிரஷர் இறங்குது."

"தெரியுது சார். பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"பாத்துக்கிட்டு இருந்தா உலை சூடாகுமா? மேனுவல்ல போட்டு வேகத்தை ஏத்துங்க."

"உள்ள வர்ற கேஸே குறையுது. செலக்டர் அந்தப் பக்கம் போயிடுச்சு."

"அது எப்பவும் பயந்தாங்கொள்ளி. கொஞ்ச நேரம்தானே, ஏத்தும்மா."

அந்த 'ம்மா' தவறி விழுந்தது. அவள் கை மவுஸின் மேல் இருந்தது. மேனுவல் பொத்தானைத் தொட்டால் போதும், செலக்டர் சொல்வது எதுவும் கம்ப்ரஸர் காதில் விழாது. வேகம் ஏறும், அவர் முகமும் கொஞ்சம் தெளியும். ஒரு நொடி பனி அவள் தலைக்குள்ளேயே இறங்கிவிட்டதுபோல் இருந்தது. குழாய் காலியாகிக் காலியாகி, எங்கோ ஒரு இணைப்பின் இடுக்கு வழியே வெளிக்காற்றை மூச்சுபோல் உள்ளே இழுப்பதை அவள் மனக்கண்ணில் கண்டாள். எரியும் வாயுவும் காற்றும் ஒரே குழாயில்.

கையை எடுத்துவிட்டாள்.

"ஏத்த மாட்டேங்க. காத்து உள்ள வந்துட்டா உலை, ஆலை, நீங்க, நான் எதுவும் மிஞ்சாது. உலை லோடைக் குறைங்க."

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ லோடைக் குறைக்கச் சொல்வது கேட்டது. பிறகு "சரி" என்ற சத்தமும் வைக்கும் சத்தமும்.

வாக்கிடாக்கியில் ஒட்டகத்தைக் கூப்பிட்டாள். கழுத்து நீளத்துக்காக அந்தப் பெயர் வாங்கிய ஃபீல்டு ஆபரேட்டர், பனிக்குள் எங்கோ இருந்தான்.

"உள்வரவு ஃபில்டரைப் பாருங்கண்ணா. மீட்டர் முள் எங்க நிக்குது?"

"முள்ளா? கடைசிக் கோட்டுல முட்டிக்கிட்டு நிக்குதும்மா. ஃபில்டர் அடைச்சே போச்சு."

"பக்கத்துல இருக்கிற மாத்து ஃபில்டரைத் திறங்க. முதல்ல சின்ன வால்வு, மெதுவா. ரெண்டு பக்கமும் பிரஷர் சமமானதும் பெருசு."

"கல்யாணப் பொண்ணு நடக்கிற மாதிரி திறக்கிறேன்" என்றான் ஒட்டகம். அவன் மூச்சு வாக்கிடாக்கியில் இரைந்தது. அவள் பச்சைக் கோட்டையே பார்த்தாள். அது கிடந்தது, நெளிந்தது, பிறகு நீருக்கடியிலிருந்து எழும் ஒருவரைப்போல் நிதானமாக மேலே வந்தது. வேகமும் அதன் கூடவே ஏறியது. உள்வரவு கேட்ட வேகம் உயர்ந்து, வெளியேற்றம் கேட்டதைத் தாண்டியதும் ஓரத்தில் எழுத்து மறுபடி மாறியது: 'வெளியேற்றம்'.

ஒரு உதறல்கூட இல்லை. தன் பேச்சு எடுபடாத நேரத்திலும் வெளியேற்றக் கன்ட்ரோலர் கண்டபடி ஏறிப் போய்விடாமல், செலக்டர் அனுப்புவதைப் பார்த்தே தன் கணக்கைத் திருத்திக்கொண்டிருந்தது. அதனால் பொறுப்பு கைமாறியது யாருக்கும் தெரியவில்லை. ரீங்காரம் பழைய சுருதிக்கு வந்தபோதுதான் அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மறுபடி போன்.

"பிரஷர் வந்துடுச்சு" என்றார். குரலில் சார், மேடம் எல்லாம் காணோம். "லோடு ஏன் குறைச்சேன்னு மேனேஜர் கேட்டார். நான்தான் குறைச்சேன், சரியாத்தான் குறைச்சேன்னு சொல்லிட்டேன்."

"திட்டினாரா?"

"காது நிறைய." குரலைத் தாழ்த்தினார். "உன்னை ஏத்தச் சொன்னேன் பாரு. அது என் தப்பு."

"நானும் பொத்தான் வரைக்கும் போயிட்டேன்" என்றாள். இருவரும் போனை வைக்காமல், இரண்டு அறைகளில் இருந்து ஒரே ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒட்டகம் தலைமுடியில் பனித்துளியோடு உள்ளே வந்தான். கழற்றிய ஃபில்டரில் இருந்ததைக் கையுறையில் வாரிக் கொண்டு வந்திருந்தான். வாயுவோடு வந்து வந்து படிந்த தூசு, ஈரச் சாம்பல்போல். அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். மெத்தென்று, குளிர்ந்து இருந்தது.